பேண்டா, லேசரா, கத்தியா: ஏழு மாதம் தள்ளிப்போட்ட பிறகு நான் போட்ட கணக்கு

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை மீட்டிங்குக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது வெஸ்டர்ன் டாய்லெட்டின் வெள்ளைப் பீங்கானில் நாலைந்து சொட்டு ரத்தத்தைப் பார்த்தேன். பளிச்சென்ற சிவப்பு, துளிகூட வலி இல்லை. முந்தின நாள் ராத்திரி சாப்பிட்ட பிரியாணி மேல் பழியைப் போட்டு, ஃப்ளஷ் செய்துவிட்டு லேப்டாப் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். வயது 27, வேலை சென்னை ஓஎம்ஆரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில், தங்குவது சோழிங்கநல்லூரில் மூன்று பேர் பகிர்ந்துகொள்ளும் ஒரு ஃபிளாட். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

அது பைல்ஸ், அதாவது மூலம். அன்றைக்கு டாக்டரிடம் போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது, ஏனென்றால் அப்போது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. நார்ச்சத்து, தண்ணீர், டாய்லெட்டில் உட்காரும் நேரத்தைக் குறைப்பது, இந்த மூன்றோடு பெரும்பாலும் முடிந்திருக்கும். ஆகஸ்டில் போனபோதுதான் என் முன்னால் ஒரு மெனு கார்டே இருந்தது: ரப்பர் பேண்ட், லேசர், ஸ்டேப்ளர், ஓப்பன் ஆபரேஷன், தவிர "ஆபரேஷன் இல்லாமல் மூன்றே நாளில்" என்று சுவரில் ஒட்டியிருக்கும் மஞ்சள் போஸ்டர். ஒவ்வொன்றையும் எப்படி எடை போட்டேன், எதை எதற்காக விட்டேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் ஏழு மாத அனுபவசாலி.

அந்த ஏழு மாதத்தில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எந்தச் சிகிச்சை என்பதை முடிவு செய்ததே அதுதான். பிப்ரவரி, மார்ச்சில் வாரத்துக்கு ஒரு தடவை சொட்டு. ஏப்ரலில் ரிலீஸ் சமயம், பதினாலு மணி நேரம் நாற்காலி, தண்ணீருக்குப் பதில் காபி, இரண்டு நாளைக்கு ஒரு தடவை கல் மாதிரி மோஷன். இப்போது சொட்டு இல்லை, குழாயைச் சரியாக மூடாதது மாதிரி ஒழுகல். மே மாதம் முக்கும்போது ஏதோ ஒன்று வெளியே வந்து, எழுந்ததும் தானாக உள்ளே போனது. ஜூலையில் அது தானாக உள்ளே போவதை நிறுத்திவிட்டது. கழுவும்போது விரலால் மெல்லத் தள்ளிவிட வேண்டியிருந்தது, பச்சைத் திராட்சை அளவில் வழுவழுவென்று இருக்கும். இதையும் ஒரு தினசரி வேலையாகவே பழகிக்கொண்டேன், பல் தேய்ப்பது மாதிரி. மனிதன் எதற்கு வேண்டுமானாலும் பழகிவிடுவான் போல.

என்னைக் கிளப்பியது அதுவும் இல்லை. ஆகஸ்டில் ஆபீஸில் வருஷாந்தர ஹெல்த் செக்கப். ஹீமோகுளோபின் 9.6 என்று வந்தது. ஆண்களுக்கு 13க்கு மேல் இருக்க வேண்டும். இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் வெறும் 6. லிஃப்ட் பழுதான அன்று மூன்றாவது மாடி ஏறி நெஞ்சு படபடக்க நின்றதற்கு, "டஸ்ட் அலர்ஜிடா" என்று டீமில் சொல்லிவைத்திருந்தேன். ரிப்போர்ட்டைப் பார்த்த பிறகு அந்தப் பொய் எனக்கே எடுபடவில்லை.

முதலில் போனது, போனில் தேடியதும் மேலே வந்து நின்ற ஒரு பைல்ஸ் கிளினிக். பெயர் வேண்டாம். ஃபார்ம் நிரப்பி நாலு நிமிடத்தில் போன் வந்தது, மறுநாள் காலை ஒரு கவுன்சலர் எதிரில் உட்கார்ந்து, "சார், லேசர் பண்ணிடலாம், வலியே இருக்காது, கேஷ்லெஸ், நாளைக்கே ஸ்லாட் இருக்கு" என்றார். பேக்கேஜ் 95,000 ரூபாய். அதுவரை என்னை யாரும் பரிசோதிக்கவே இல்லை, சுகர் இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. கோடிங் செய்பவன் என்பதால் இந்த இடம் மட்டும் உறுத்தியது. எர்ரர் லாக்கைப் பார்க்காமல் ஃபிக்ஸ் சொல்கிறவரை ஆபீஸில் நாம் நம்புவோமா? வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டாவதாகப் போனது மேற்கு மாம்பலத்தில் ஒரு பொது அறுவைச் சிகிச்சை நிபுணரிடம், ரூம்மேட்டின் மாமா சொல்லி. அறுபது வயது இருக்கும். "என்ன தம்பி, கம்ப்யூட்டர் வேலையா?" என்றார், நான் எதுவும் சொல்வதற்கு முன்னால். இடது பக்கமாகப் படுத்து முழங்காலை நெஞ்சோடு மடக்கச் சொன்னார். ஜெல்லி தடவி விரல் பரிசோதனை, அப்புறம் ப்ராக்டோஸ்கோப் என்ற குட்டையான குழாய். கட்டை விரலைவிடக் கொஞ்சம் தடிமன், நீளம் ஒரு ஜாண்கூட இல்லை. "லேசா முக்குங்க." முக்கினேன். "போதும்." மொத்தம் இரண்டு நிமிடம். ஏழு மாதம் நான் பயந்து ஒளிந்தது இந்த இரண்டு நிமிடத்துக்குத்தான். வலி என்று சொல்ல முடியாது, கூச்சம்தான், அதுவும் அவர் முகத்தைப் பார்த்தால் பஸ் டிக்கெட் கிழிப்பவர் மாதிரி சாதாரணமாக இருந்தார்.

பிறகு ஒரு தாளில் வட்டம் போட்டு, கடிகாரம் மாதிரி 3, 7, 11 என்று மூன்று இடத்தில் புள்ளி வைத்தார். ஆசனவாய்க்குள் எல்லோருக்குமே இந்த மூன்று இடத்தில் மெத்தை மாதிரி ரத்தநாளத் திரட்சி இருக்குமாம், காற்றும் மலமும் கசியாமல் அடைத்துக்கொள்ள உதவுவதே அதுதானாம். முக்கி முக்கி அது வீங்கி, பிடிமானம் தளர்ந்து, கீழே சரிந்து வந்தால் அதற்குப் பெயர் மூலம். ரத்தம் மட்டும் வந்து வெளியே தள்ளாமல் இருந்தால் முதல் கட்டம். வெளியே வந்து தானாக உள்ளே போனால் இரண்டாவது. விரலால் தள்ள வேண்டியிருந்தால் மூன்றாவது. தள்ளினாலும் போகாமல் வெளியிலேயே தங்கிவிட்டால் நான்காவது. எனக்கு 11 மணிக்கு இருப்பது மூன்றாம் கட்டம், மற்ற இரண்டும் இரண்டாம் கட்டம். பிப்ரவரி, மே, ஜூலை என்று என் காலண்டரை அப்படியே அவர் படித்துக் காட்டியது மாதிரி இருந்தது.

வலி ஏன் இல்லை என்றும் கேட்டேன். ஆசனவாயிலிருந்து இரண்டு செண்டிமீட்டர் போல உள்ளே போனால் பல்வரிசை மாதிரி ஒரு கோடு இருக்கிறது, அதற்கு மேலே தோலில் இருப்பது மாதிரியான வலி நரம்புகள் கிடையாது, உள்மூலம் அந்தக் கோட்டுக்கு மேலே கிளம்புகிறது. அதனால்தான் ரத்தம் மட்டும் வரும், வலி வராது. கத்தியால் கீறுவது மாதிரி மோஷன் போகும்போது வலித்தால் அது பெரும்பாலும் வெடிப்பு, பக்கத்தில் ஓட்டை விழுந்து சீழ் கசிந்தால் பவுத்திரம். போஸ்டர்காரர்கள் இந்த மூன்றையும் ஒரே வரியில் அச்சடிக்கிறார்கள், ஆனால் மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. இந்தக் கோடு முக்கியம், நினைவில் வையுங்கள், பேண்ட் கதையே இதன் மேல்தான் ஓடுகிறது.

எந்தச் சிகிச்சை என்று பேச்சு வருவதற்கு முன்னால் அவர் வேறு ஒரு விஷயத்தில் பிடிவாதமாக நின்றார். ஹீமோகுளோபின் 9.6க்குக் காரணம் இந்தப் பைல்ஸ்தான் என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்ட மாட்டேன், பைல்ஸ் கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்காக மேலே வேறு ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது என்றார். கொக்கிப்புழு இருக்கிறதா என்று மலப் பரிசோதனை, வயிற்றுக்கு எண்டோஸ்கோப்பி, பெருங்குடலுக்குக் கொலோனோஸ்கோப்பி. ரத்தசோகை இல்லாமல், இந்த வயதில், சொட்டுச் சொட்டாகச் சிவப்பு ரத்தம் மட்டும் என்றால் இவ்வளவும் தேவைப்படாது என்றும் அவரே சொன்னார். ஆக, தாமதித்ததற்கு முதல் பில் இதுதான்: 12,500 ரூபாய், கூடவே முதல் நாள் ராத்திரி இரண்டு லிட்டர் பேதி மருந்துக் கரைசல். எலுமிச்சை வாசனை போட்ட கடல் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தரை மணிக்கு ஆரம்பித்தது ஒன்றரை வரை ஓடியது, ரூம்மேட்கள் இருவரும் பக்கத்து ஃபிளாட் பாத்ரூமுக்குப் போனார்கள். ரிசல்ட் சுத்தம். ரத்தம் போனதெல்லாம் இந்த மூன்று மெத்தையிலிருந்துதான்.

இப்போது மெனுவுக்கு வரலாம்.

முதலில், கத்தி கபடா இல்லாத வழி. இதை நான் ஏற்கெனவே அரைகுறையாகச் செய்துகொண்டிருந்தேன், மெடிக்கல் ஷாப்பில் மெதுவான குரலில் கேட்டு வாங்கிய ஆயின்மென்ட் மூலம். அதை டாக்டரிடம் காட்டியதும் புருவம் ஏறியது. மரத்துப்போகும் மருந்தோடு ஸ்டீராய்டும் சேர்ந்தது அது. ஒரு வாரம் பத்து நாள் தடவலாம், நான் நாலு மாதம் தடவியிருந்தேன். அந்த இடத்துத் தோல் மெலிந்து அரிப்பு வந்ததற்குக் காரணம் பைல்ஸ் இல்லை, ஆயின்மென்ட்தான். எரிச்சலைக் கொஞ்சம் குறைப்பதைத் தவிர, சரிந்து வந்த மெத்தையை எந்தக் களிம்பும் மேலே ஏற்றி வைக்காது.

இசப்கோல் அப்படி இல்லை. தினமும் இரண்டு டீஸ்பூன், ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில், கலந்த உடனே குடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கூழாகிவிடும். மேலே இன்னொரு டம்ளர். தண்ணீர் போதாவிட்டால் இதுவே மலச்சிக்கலைக் கூட்டும். இது பேதி மருந்து இல்லை, மலத்தை இளக்கிப் பெரிதாக்கி முக்காமல் போக வைப்பது. பலன் தெரிய இரண்டு வாரமாவது ஆகும், நான் முன்பு நாலாவது நாளே நிறுத்தியிருந்தேன். முதல் கட்டத்திலும் இரண்டாம் கட்டத்தின் ஆரம்பத்திலும் ரத்தம் நிற்கப் பெரும்பாலும் இதுவே போதும். என் கட்டத்தில் இது மட்டும் போதாது, ஆனால் எதைச் செய்தாலும் கூடவே இது வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் "அல்லது" போடலாம், இதற்கு மட்டும் "கூடவே".

போன் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கையின் ஓட்டையில் கீழே தாங்க ஒன்றும் இல்லாமல் அந்த மெத்தைகள் தொங்கி ரத்தம் தேங்குகிறது. முக்காவிட்டாலும் சும்மா உட்கார்ந்திருப்பதே சுமை. அமெரிக்காவில் பாஸ்டனில் கொலோனோஸ்கோப்பிக்கு வந்த 125 பேரை வைத்துச் செய்து 2025இல் வெளியான ஓர் ஆய்வில், டாய்லெட்டில் போன் பார்ப்பவர்களுக்குப் பைல்ஸ் இருக்கும் வாய்ப்பு 46 சதவீதம் அதிகமாகத் தெரிந்தது. சின்ன ஆய்வு, போன்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனாலும் என் கணக்கு எனக்குத் தெரியும், நான் உள்ளே இருபது நிமிடம் இருப்பேன், வேலை இரண்டு நிமிடம்தான். டாக்டர் கொடுத்த வரம்பு ஐந்து நிமிடம். வரவில்லையா, எழுந்து வந்துவிடு, அப்புறம் போகலாம்.

அம்மாவிடம் சொன்னதும் துத்தி இலையையும் கருணைக்கிழங்கையும் சொன்னாள், அந்த வாரமே ஊரிலிருந்து பஸ்ஸில் கிழங்கு வந்து இறங்கியது. சாப்பிட்டேன், புளி போட்டு மசித்தால் நன்றாகத்தான் இருக்கிறது. கீரையும் கிழங்கும் நார்ச்சத்து என்ற வகையில் டாக்டருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆயுர்வேதத்தில் க்ஷாரசூத்திரம் என்று ஒன்று உண்டு, கள்ளிப்பால், நாயுருவிச் சாம்பலின் காரம், மஞ்சள் இவற்றைத் திரும்பத் திரும்பப் பூசிக் காயவைத்த நூல். முறையாகப் படித்த ஆயுர்வேத மருத்துவர்கள் செய்கிறார்கள், ஆனால் அதன் பேர் நிலைத்திருப்பது பவுத்திரத்தில்தான். மஞ்சள் போஸ்டர் இவற்றில் எதிலும் சேராது. என்னவென்று தெரியாத திரவத்தை ஊசியில் ஏற்றி, ஆசனவாய் வெந்து சுருங்கிப்போய் வந்தவர்களைத் தான் பார்த்திருப்பதாக டாக்டர் சொன்னார். அந்த நெடுவரிசையை அப்போதே அழித்துவிட்டேன்.

ஆமாம், நெடுவரிசை. எக்செல் ஷீட் போட்டிருந்தேன், வேறென்ன செய்வேன். வலி, செலவு, லீவு நாள், திரும்ப வரும் வாய்ப்பு என்று நாலு தலைப்பு. போனில் அதைக் காட்டினேன். டாக்டர் கண்ணாடியை மேலே தூக்கிக்கொண்டு பார்த்துவிட்டு, "எல்லாம் சரி தம்பி, யாருக்குன்னு போடலையே. முதல் கட்டக்காரனுக்கா, நாலாம் கட்டக்காரனுக்கா?" என்றார். அதோடு ஷீட் முடிந்தது.

பேண்ட் எப்படி வேலை செய்கிறது என்றால், ப்ராக்டோஸ்கோப் வழியாக ஒரு கருவியை உள்ளே விட்டு, வீங்கிய மெத்தையின் மேல்பகுதியை உறிஞ்சி இழுத்து, அதன் கழுத்தில் சின்ன ரப்பர் வளையத்தை மாட்டிவிடுவார்கள். ரத்த ஓட்டம் நின்று அந்தத் துண்டு கருகி, ஐந்திலிருந்து பத்து நாளுக்குள் மோஷனோடு விழுந்துவிடும், நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. விழுந்த இடத்தில் வரும் தழும்பு மீதியை மேலே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மயக்க மருந்து வேண்டாம், பட்டினி வேண்டாம், அட்மிஷன் வேண்டாம். அந்தப் பல்வரிசைக் கோட்டுக்கு மேலே மாட்டினால் வலிக்காது. கீழே இறங்கிவிட்டால் அலறுவீர்கள், அப்போது உடனே வெட்டி எடுத்துவிட்டு மேலே மாட்ட வேண்டும். அதனால் வளையத்தை விடுவதற்கு முன் இழுத்துப் பார்த்து, "குத்துதா?" என்று கேட்கிறார்கள்.

இதன் பலவீனம் திரும்ப வருவது. மூல நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி பிரிட்டனில் செய்த ஒரு பெரிய ஆய்வு 2016இல் லான்செட் இதழில் வந்தது. எல்லோருக்கும் இரண்டாம், மூன்றாம் கட்டம், அதாவது என் ஜாதி. பேண்ட் போட்டவர்களில் 49 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள் மறுபடி தொந்தரவு. மயக்கம் கொடுத்து ரத்தக்குழாயைத் தேடிக் கட்டும் முறையில் 30 சதவீதம். இதைப் படித்ததும் பேண்டைக் கழித்துக்கட்டத்தான் நினைத்தேன். ஆனால் உள்ளே படித்தால், இரண்டாவது தடவை பேண்ட் போட்டதையே "திரும்ப வந்தது" என்று எண்ணியிருக்கிறார்கள். இரண்டாவது பேண்டையும் ஒரே சிகிச்சையின் பகுதியாக எடுத்துக்கொண்டால் 37.5 சதவீதம், இடைவெளி வெகுவாகக் குறைந்துவிடுகிறது. டாக்டரும் ஆரம்பத்திலேயே, ஒரு தடவையில் முடியாது, இரண்டு மூன்று தடவை வர வேண்டியிருக்கும், அதற்குச் சம்மதம் என்றால் மட்டும் செய்யலாம் என்றார். ஒரே நாளில் எல்லாம் முடிய வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு இது எரிச்சலான வைத்தியம்.

லேசர் கெட்டது என்று நான் சொல்லவில்லை. மெல்லிய ஃபைபரை மெத்தைக்குள் செருகி, 1470 நானோமீட்டர் ஒளியில் உள்ளிருந்தே சுருங்க வைக்கிறார்கள், பெரிய காயம் இல்லை, வெட்டி எடுப்பதைவிட வலி நிஜமாகவே குறைவு. ஆனால் "ஆபரேஷன் இல்லை" என்பது விளம்பரம் மட்டும்தான். ஆபரேஷன் தியேட்டர் உண்டு, பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு மரத்துப்போக வைப்பது உண்டு, அதன் பிறகு சிலருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்வதும் உண்டு. வெட்டி எடுப்பதோடு ஒப்பிட்டால் திரும்ப வரும் வாய்ப்பும் அதிகம். லேசர் நன்றாக வேலை செய்வது இரண்டாம் கட்டத்திலும் சின்ன மூன்றாம் கட்டத்திலும். அதே இடத்தில்தான் பேண்டும் நன்றாக வேலை செய்கிறது. பேண்ட் சரிப்படாத பெரிய பைல்ஸுக்கு லேசரும் தடுமாறுகிறது. அப்படியானால் என் கட்டத்தில் இருப்பவன் எதற்காக முதலில் தியேட்டருக்குப் போக வேண்டும்?

இதற்கு ஒரு பதில் இருக்கிறது, அது மருத்துவம் சார்ந்தது இல்லை, இன்ஷூரன்ஸ். என் கம்பெனி பாலிசியில் அட்மிஷன் போட்டுச் செய்யும் லேசருக்கு முழுப் பணமும் வரும், ஓபியில் பத்து நிமிடத்தில் செய்யும் பேண்டுக்கு ஒரு பைசா வராது. 95,000 ரூபாய் லேசர் எனக்கு இலவசம், 8,000 ரூபாய் பேண்ட் என் கைக்காசு. கவுன்சலர் "கேஷ்லெஸ்" என்ற வார்த்தையை மூன்று தடவை சொன்னதன் அர்த்தம் அப்புறம்தான் விளங்கியது. ஒன்றரை நாள் நானும் ஊசலாடினேன், மறைக்க என்ன இருக்கிறது. (சொந்தப் பாலிசி வைத்திருப்பவர்கள் காத்திருப்புக் காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், பைல்ஸுக்கு இரண்டு வருடம் என்று போட்டிருப்பது சகஜம்.)

ஸ்டேப்ளரை நீளமாக எழுதவில்லை. உள்சவ்வில் வளையம் மாதிரி ஒரு துண்டை வெட்டித் தைத்து மெத்தைகளை மேலே தூக்குவது, 1998இல் இத்தாலிய டாக்டர் லோங்கோ விவரித்த முறை. முதல் சில வாரம் வலி குறைவு. ஆனால் 777 பேரை இரண்டு வருடம் பின்தொடர்ந்த இன்னொரு பிரிட்டன் ஆய்வில், பழைய பாணியில் வெட்டி எடுத்தவர்களே கடைசியில் நன்றாக இருந்தார்கள், செலவும் குறைவு.

அந்தப் பழைய பாணி, 1937இல் மில்லிகனும் மார்கனும் எழுதியது, இன்னும் அசையாமல் நிற்கிறது. பைல்ஸை வெட்டி எடுத்துக் காயத்தைத் திறந்தபடி ஆற விடுவது. திரும்ப வருவது இதில்தான் மிகக் குறைவு. விலை வலி. முதல் வாரம் ஒவ்வொரு மோஷனும் கண்ணாடித் துண்டு போவது மாதிரி இருக்கும் என்று இதைச் செய்துகொண்ட என் சித்தப்பா சொல்லியிருக்கிறார். குறைந்தது இரண்டு வாரம் லீவு, காயம் முழுதும் ஆற ஒரு மாதத்துக்கு மேல், ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை வெந்நீர்த் தொட்டி. நான்காம் கட்டம் என்றாலோ, வெளியேயும் உள்ளேயும் சேர்ந்து பெரிதாக இருந்தாலோ, பேண்ட் போட்டும் அடங்காவிட்டாலோ நான் யோசிக்காமல் இதைத்தான் எடுத்திருப்பேன், லேசரை இல்லை. இன்னும் நாலைந்து மாதம் டஸ்ட் அலர்ஜி கதையை ஓட்டியிருந்தால் ஷீட்டில் இது ஒன்றுதான் மிச்சமிருந்திருக்கும்.

நான் எடுத்தது பேண்ட். என் முக்கியப் பிரச்சினை ரத்தம், தள்ளல் அதற்கு அடுத்ததுதான், வெளிமூலம் இல்லை, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை, சாப்பிட்டால் பேண்ட் ஆபத்து. தோற்றால் லேசரோ ஆபரேஷனோ அங்கேயேதான் இருக்கும், பேண்ட் எந்தக் கதவையும் மூடுவதில்லை.

செப்டம்பரில், 11 மணி இடத்துப் பைல்ஸுக்கும் 7 மணி இடத்துப் பைல்ஸுக்கும் வளையம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வலி இல்லை, ஆனால் ஒரு பெரிய மோஷன் வாசலில் வந்து நிற்பது மாதிரி ஒரு கனம், போக வேண்டும் போக வேண்டும் என்ற உந்தல். போய் முக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அன்று ராத்திரி அது அடிவயிறு வரை இழுத்தது, ஒரு பாராசிட்டமால், பத்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார்ந்தது, மறுநாள் வீட்டிலிருந்தே வேலை, மூன்றாம் நாள் ஆபீஸ். எட்டாம் நாள் ரெண்டு ஸ்பூன் அளவுக்கு ரத்தம் வந்தது. துண்டு விழும்போது இப்படி வரலாம் என்று தெரிந்திருந்ததால் பதறவில்லை. கட்டி கட்டியாக நிற்காமல் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, சிறுநீர் போக முடியாவிட்டாலோ, வலி நாளுக்கு நாள் கூடினாலோ ராத்திரி பகல் பார்க்காமல் வர வேண்டும், அபூர்வமாக உள்ளே சீழ் பிடித்து உயிருக்கே ஆபத்தாகும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். அதை ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தேன், ரூம்மேட்களுக்கு இனி என்ன ரகசியம்.

ஐந்து வாரம் கழித்து 3 மணி இடத்துப் பைல்ஸுக்கு ஒரு வளையம். இரண்டு தடவைக்கும் சேர்த்து 16,000 ரூபாய், இரண்டே நாள் லீவு.

இரும்பு மாத்திரைதான் எதிர்பாராத தொல்லை. அது மலத்தை இறுக்கும், நாங்கள் செய்துகொண்டிருப்பதோ மலத்தை இளக்கும் வேலை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடச் சொன்னார், அப்படிப் போட்டாலும் உடம்பு நன்றாகவே எடுத்துக்கொள்ளுமாம். மோஷன் தார் மாதிரி கறுப்பாகப் போனபோது ஒரு காலை முழுக்க பயந்துவிட்டேன், வயிற்றில் ரத்தம் கசிந்தாலும் கறுப்பாகத்தான் போகும் என்று படித்திருந்ததால். போன் செய்தேன். "மாத்திரை கலர் தம்பி, நல்லதுதான், விடாம போடறீங்கன்னு தெரியுது" என்றார். மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 12.9.

இப்போது பத்து மாதம் ஆகிறது. விரலால் தள்ளும் வேலை செப்டம்பரோடு நின்றது. ரத்தம் ஒரே ஒரு தடவை, தங்கை கல்யாணத்தில் மூன்று நாள் இசப்கோலை மறந்து மண்டபச் சாப்பாட்டிலேயே ஓட்டியபோது, டிஷ்யூவில் ஒரு கோடு. இந்தத் தடவை அதே வாரம் போய்க் காட்டினேன். குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, இப்போதைக்கு வளையம் வேண்டாம், இசப்கோலை விடாதீங்க என்று அனுப்பிவிட்டார். வெளியே வரும்போது வரிசையில் என் வயதுப் பையன் ஒருவன், மடியில் லேப்டாப் பை, ஸ்டீல் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் போனை எடுத்து வைத்துக்கொண்டு குனிந்துவிட்டான். "ரெண்டு நிமிஷம்தான் ப்ரோ" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன்.